மாடி அறைக்கு இழுத்த வயர்

ஒன்பது வருடமாக நல்லக்கண்ணுவுக்கு ஜெபசுதா டீச்சர் மேல் ஒரு வருத்தம் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் வீட்டில்கூட அவர் சொன்னதில்லை.

மகள் மாரிச்செல்வி ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து நல்லக்கண்ணு போன ஒரே கூட்டம் அதுதான். மற்றதுக்கெல்லாம் அவர் மனைவி போவாள். அன்றைக்கு அவர் கடையைப் பூட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் ஜெபசுதா மேடைக்கு வந்து மைக்கைத் தட்டினார். சத்தமில்லை. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர் கண் நல்லக்கண்ணுமேல் நின்றது. "அண்ணாச்சி வந்திருக்காங்களே, நல்லதாப் போச்சு. இந்த மைக்கக் கொஞ்சம் பாருங்களேன்."

அவ்வளவுதான். எழுந்து போனார். மேசைக்கடியில் முட்டிபோட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்னால் தலையை விட்டு, அறுந்து கிடந்த வயரைப் பல்லால் சீவி முறுக்கி மைக்கைப் பேச வைத்தார். சட்டை முழுக்கத் தூசி. அவர் எழுந்து நின்றபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. மாரிச்செல்வி எப்படிப் படிக்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வேலை பார்க்க வந்தவனிடம் என்ன சொல்வார்கள் என்று வந்துவிட்டார்.

நல்லக்கண்ணு எட்டாவதோடு நின்றவர். மீன்பிடி லாஞ்சுகளில் டைனமோவும் பேட்டரி விளக்கும் பார்த்தார், பிறகு கேபிள் டிவி இழுத்தார், அப்புறம் கேமரா, கம்ப்யூட்டர், நெட் வயர். பழைய துறைமுகம் போகிற சாலையில் கடை. கை சுத்தமானவர், வாய்தான் கொஞ்சம் கரடு. வேலைக்குக் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் இவர் திட்டுக்குப் பயந்தே வீட்டை ஒழுங்காக வைத்திருப்பார்கள்.

மாசி மாதக் கடைசியில் டீச்சரின் கணவர் தனராஜ் கடைக்கு வந்தார். துறைமுகத்தில் கிளார்க். கையில் ஒரு தாள். கணினி ஒன்று, திரை இரண்டு, நல்ல வெப்கேமரா, நல்ல மைக், வயர் வழியாக நெட். சென்னையில் ஓர் ஆன்லைன் டியூஷன் நிறுவனம் அனுப்பிய பட்டியல். இவை எல்லாம் இருந்து, ஒரு மாதிரி வகுப்பும் எடுத்துக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்களாம்.

"டீச்சர் ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்டார் நல்லக்கண்ணு.

தனராஜ் சொன்ன கதை இது. அந்தப் பள்ளி லாரிகள் போகிற சாலை ஓரத்தில் இருக்கிறது. வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். இருபத்து நாலு வருடம் லாரி ஹாரனுக்கு மேலே கத்திக் கத்தி, டீச்சருக்குக் குரல்நாணில் முடிச்சு விழுந்துவிட்டது. போன வருடம் ஒரு நாள் பாதிப் பாடத்தில் குரல் அடியோடு போயிற்று. ஆறு மாதம் சிகிச்சை. இப்போது குரல் திரும்பியிருக்கிறது, ஆனால் உயர்த்தக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குப் பேசலாம், அதற்குமேல் போனால் மறுபடி படுத்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலையை விட்டார். வீட்டில் சும்மா இருக்கிறார்.

"சும்மா இருந்தாத்தான் பரவால்லையே அண்ணாச்சி. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள்ள நடக்கா. காலண்டர் தாளுக்குப் பின்னால கணக்குப் போட்டு வைக்கா. யாருக்குன்னு கேட்டா பதில் இல்ல. இதும் சரியா வரலைன்னா அவள வச்சிக்கிட்டு நான் என்ன செய்வேன்னு தெரியல."

நல்லக்கண்ணு தாளை மடித்துப் பையில் வைத்தார். வருகிறேன் என்றார். உள்ளுக்குள் அந்தப் பழைய வெள்ளைச் சட்டை ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டில் லாரிச் சத்தம் கேட்காத இடம் மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறைதான். நெட் பெட்டி கீழே ஹாலில். வைஃபை இரண்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே வரும்போது மூச்சு வாங்கியது. வயர்தான் வழி.

மேசையைப் போட்டு வேலையை ஆரம்பித்தார். தனராஜ் ஜன்னலுக்கு முதுகு காட்டி மேசை போட்டிருந்தார், காற்று வரட்டும் என்று. கேமராவில் பார்த்தால் பின்னால் வெளிச்சம், டீச்சர் முகம் கரி. நல்லக்கண்ணு மேசையைத் திருப்பி, வெளிச்சம் முகத்தில் விழும்படி வைத்தார். இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றில் பிள்ளைகள் முகம், மற்றதில் எழுதுகிற பலகை என்று பிரித்தார். பிள்ளைகளுக்குக் காட்டுவது பலகைத் திரை மட்டும். வெப்கேமராவை முகங்கள் தெரிகிற திரையின் உச்சியில், நேர் நடுவில் மாட்டினார். அப்போதுதான் டீச்சர் பிள்ளைகளைப் பார்க்கும்போது பிள்ளைகளையே பார்க்கிற மாதிரி இருக்கும். மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு இடப்பக்கத் திரையில் போய் நின்றது. செட்டிங்கில் இரண்டு திரையைக் குறிக்கிற கட்டங்களையும் இடம் மாற்றி இழுத்து வைத்ததும் சரியாயிற்று. கேமராவின் வயரை, பல வயரைச் சேர்க்கிற ஹப்பில் குத்தாமல் நேரே கம்ப்யூட்டரின் முதுகில் குத்தினார்.

டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியாகிவிட்டிருந்தார். ஒரு காலில் நிற்பார், மறு காலுக்கு மாறுவார், போவார், திரும்பி வருவார். ஒரு தடவை மட்டும் வாயைத் திறந்தார். பக்கத்து அறையில் பேசுகிற மாதிரிக் கேட்டது.

"அண்ணாச்சி, நீங்க ஒரு தரம் எங்க ஸ்கூல்ல மைக் சரி பண்ணிக் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா? அது ஒரு வருசம் ஓடுச்சு. பெறகு அதத் தூக்கிட்டாங்க. அந்த ஒரு வருசந்தான் நான் கத்தாம பாடம் எடுத்தேன்."

அவர் நிமிரவில்லை. மைக் ஞாபகம் இருக்கிறது, மகளைப் பற்றிக் கேட்க வந்த அப்பன் ஞாபகம் இல்லை. இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நினைப்பு சும்மா போகவில்லை. வயர் இழுக்கிற நேரத்தில் கையில் வந்து உட்கார்ந்தது. கடையில் நல்ல செப்பு வயர் ஒரு சுருள் புதிதாக வந்திருந்தது. அதை ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு டாக்டர் வீட்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். டீச்சர் வீட்டுக்கு அவர் கொண்டுவந்தது கடற்கரைச் சாலையில் மூடிப்போன ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் கழற்றிய பழைய வயர். வெளியில் செப்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். இரண்டு துண்டு. உப்புக் காற்றில் ஐந்து வருடம் கிடந்ததில் நுனியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பூத்ததை வெட்டிப் போட்டுப் புது பிளக் அடித்தார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம் என்று எட்டு நரம்பையும் இரண்டு முனையிலும் ஒரே வரிசையில் அடுக்குவதில் அவருக்குக் கண்ணே வேண்டாம். இரண்டு துண்டையும் ஒரு சின்ன இணைப்பானில் கோர்த்தார். மாடிப்படி முகட்டிலிருந்து அறை ஜன்னல் வரைக்கும் நேரே சுவர் இல்லை, பதினைந்தடி அந்தரம். குழாயில் போட்டுக் கைப்பிடிச் சுவரோடு சுற்றி எடுத்திருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்க விட்டார். இணைப்பானும் அந்தரத்திலேயே தொங்கியது.

டெஸ்டரை வைத்துப் பார்த்தார். ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்தது. நெட் வேகம் அருமை. காலை பதினொரு மணி, இலை அசையவில்லை. வேலை முடிந்தது என்றார்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாதிரி வகுப்பு. சென்னையிலிருந்து மாலினி என்ற பெண் பார்ப்பதாக ஏற்பாடு. ஆறு மணிக்குத் தனராஜ் போனில் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் நல்லக்கண்ணுவுக்குச் சங்கடமாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் டீச்சர் முகம் உறைந்து நின்றதாம், குரல் துண்டு துண்டாகப் போனதாம். பாதியில் மாலினி நிறுத்திவிட்டாள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு இன்னொரு தடவை பார்க்கலாம், அதுவும் இப்படி இருந்தால் மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டாள்.

"அவ என்ன செய்தா தெரியுமா அண்ணாச்சி? சத்தம் போகலையோன்னு நெனச்சி கத்திட்டா. இப்போ வாயத் தொறக்க மாட்டேங்கா. சிலேட்டுல எழுதிக் காட்டுதா."

நல்லக்கண்ணு அப்போதும் நெட் கம்பெனிக்காரனைத்தான் திட்டினார். வியாழன் காலையில் போனார், டெஸ்டர் வைத்தார், எட்டு விளக்கும் எரிந்தது. லைன்காரனுக்குப் புகார் கொடுக்கச் சொன்னார். மதியம் லைன்காரன் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். டீச்சர் சிலேட்டோடு ஹாலில் நடந்துகொண்டிருந்தார். சிலேட்டில் என்ன எழுதியிருந்தது என்று நல்லக்கண்ணு பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்தார், ஒரு கேமராவைப் பிரித்தார், பூட்டினார், மறுபடி பிரித்தார். காலையில் ஓடுவது மாலையில் ஏன் ஓடவில்லை? மூன்று மணிக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டுப் புறப்பட்டார்.

தனராஜை மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, இவர் கீழே ஹாலில் நெட் பெட்டி முன்னால் குத்த வைத்தார். நாலு மணிவரைக்கும் ஒன்றுமில்லை. நாலேகாலுக்கு மேலே இருந்து தனராஜ் "நின்னுட்டு" என்று கத்தினார். நல்லக்கண்ணு பெட்டியைப் பார்த்தார். இன்டர்நெட் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. மாடிக்குப் போகிற வயர் குத்தியிருந்த ஓட்டைக்குமேல் இருந்த குட்டி விளக்குதான் அணைந்திருந்தது. மூன்று விநாடி கழித்து மறுபடி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது.

லைன் செத்தால் அந்த விளக்கு சாகாது. வயர் விட்டால்தான் சாகும்.

படியேறி மொட்டை மாடிக்குப் போனார். முகத்தில் காற்று அறைந்தது. மத்தியானத்துக்குமேல் கிளம்பிய கடற்காற்று ஊருக்குள் முழுசாக இறங்கியிருந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் மேற்கே பறந்தது. அந்தப் பதினைந்தடி வயர் ஊஞ்சல் மாதிரி ஆடியது. நடுவில் அந்த இணைப்பான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிளக்குக்குள் அலுமினிய நரம்பு நெளிந்து கொடுத்து, தொட்டும் தொடாமலும் நின்றது. காலையில் காற்றில்லை, அதனால் எட்டு விளக்கும் எரிந்தது. இந்த ஊரில் பிறந்து, லாஞ்சில் வேலை பார்த்த மனிதனுக்கு மாலையில் காற்று திரும்பும் என்று யாராவது சொல்லித் தரணுமா?

கையை நீட்டி இணைப்பானைப் பிடித்தார். "இப்பப் பாருங்க," என்றார் தனராஜிடம்.

வந்துவிட்டது என்றார் தனராஜ். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பிடித்தபடி நின்றார். ஒரு தரம்கூட நெட் நிற்கவில்லை. கையை விட்டார், நின்றது.

திரும்பினால் டீச்சர் படி முகட்டில் நின்றார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆடுகிற வயரைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். நல்லக்கண்ணு தொழிலில் இதுவரை செய்யாததைச் செய்தார். வேறொருவர்மேல் சாக்குச் சொல்லவில்லை.

"டீச்சர், தப்பு எம்மேலதான். இது பழைய வயரு. நல்ல வயரு கடையில இருக்கு. வேணும்னுதான் இதக் கொண்டாந்தேன்."

தனராஜ் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். "வேணும்னேவா? எதுக்கு?" என்று கேட்டார். கேட்டபின் நல்லக்கண்ணுவால் நிறுத்த முடியவில்லை. பெற்றோர் கூட்டம், வெள்ளைச் சட்டை, மேசைக்கடி, தூசி, எல்லாம் வந்தது. ஒன்பது வருடச் சரக்கு இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. சொன்ன பிறகு அது எவ்வளவு சிறியது என்று அவருக்கே தெரிந்தது.

தனராஜ் முகம் சிவந்தது. "இதுக்காகவா வே? ஒரு பொம்பள தொண்டையோட வெளயாடுதீரே."

மரியாதையான அண்ணாச்சி போய் வே வந்துவிட்டது. நல்லக்கண்ணு வாங்கிக்கொண்டார். அது அவருக்குச் சேர வேண்டியதுதான்.

டீச்சர் கையை உயர்த்திக் கணவரை நிறுத்தினார். இரண்டு நாளாகப் பேசாத குரல் கரகரவென்று, ஆனால் நிதானமாக வந்தது.

"ஒங்க மக பேரு?"

"மாரிச்செல்வி."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அறுபது அறுபதாக இருபத்து நாலு வருடம். ஞாபகம் இருக்கும் என்று நல்லக்கண்ணு எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டாவது பெஞ்சு, ஜன்னல் பக்கம். கணக்க யாரு சொல்லிக் குடுக்கதுக்கும் முந்தி போட்டுருவா. அவசரத்துல மைனஸ விட்டுருவா. எழுதிட்டு ஒரு தரம் திரும்பிப் பாக்கச் சொல்லணும்னு ஒங்ககிட்டச் சொல்ல நெனச்சிருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு நீங்க அவ அப்பான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா மைக்குக்கு ஒங்களக் கூப்பிட்டிருக்க மாட்டேன்னும் சொல்ல முடியாது. எனக்கு மைக் வேணும்."

மாரிச்செல்வி இப்போது மதுரையில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். மைனஸை இன்னும் விடுகிறாளா என்று அவருக்குத் தெரியாது. ஸ்ரீவைகுண்டத்து டாக்டருக்குப் போன் போட்டு, வயர் வர இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சனிக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டார். பழைய வயரை முழுக்க உருவிப் போட்டார். புதுச் செப்பு வயர், ஒரே துண்டு, நடுவில் ஒட்டு இல்லை. பிளாஸ்டிக் குழாயில் விட்டுச் சுவரைச் சுற்றி எடுத்து, ஓரடிக்கு ஒரு கிளிப் அடித்தார். கரண்ட் வயர் போகிற குழாயோடு சேர்க்காமல் தள்ளியே கொண்டுபோனார். குழாய் அறைக்குள் நுழைகிற ஓட்டையைச் சிலிக்கான் பசையால் அடைத்தார். டெஸ்டரில் விளக்கு எரியும்போதே பிளக்கைப் பிடித்து ஆட்டினார், இழுத்தார். ஆட்டியும் எட்டும் எரிந்தது. பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனியே யூபிஎஸ் வைத்தார். மேலே மட்டும் வைத்துவிட்டுக் கரண்ட் போனால் கீழே பெட்டி செத்துவிடும், அப்புறம் திரை எரிந்து என்ன செய்ய?

அப்புறம் மைக். அதில்தான் டீச்சர் ஏன் கத்தினார் என்பது அவருக்குப் பிடிபட்டது. மென்பொருளில் திறந்து பார்த்தால் குரல் எடுத்துக்கொண்டிருந்தது மைக் இல்லை, வெப்கேமராவுக்குள் இருக்கிற பொட்டு மைக். இரண்டடி தூரத்திலிருந்து மின்விசிறியையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பட்டியலில் சரியான மைக்கைத் தேர்ந்தெடுத்தார். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் நிறுத்தி, வாங்குகிற அளவைக் குறைத்தார். கிட்ட இருந்தால் குறைந்த அளவே போதும், விசிறிச் சத்தம் ஏறாது.

இன்னொன்று செய்தார். ஹெட்போனைக் கம்ப்யூட்டரில் குத்தாமல், மைக்கின் அடியில் இருந்த ஓட்டையில் குத்தினார். அதில் தன் குரல் தனக்கே உடனே காதில் விழும். காதை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் தன் குரல் கேட்காமல் கத்தத்தான் செய்வார்கள். கேட்டால் தானே தணிவார்கள்.

டீச்சர் மாட்டிப் பேசிப் பார்த்தார். "ரெண்டு எக்ஸ் கூட்டல் அஞ்சு." சட்டென்று நிறுத்தி, காதைத் தொட்டார். மறுபடி, இன்னும் தாழ்த்தி, "ரெண்டு எக்ஸ் கூட்டல் அஞ்சு" என்றார். அவர் முகத்தில் வந்தது சிரிப்பா வேறெதுவா என்று நல்லக்கண்ணுவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மாலினி வந்தாள், திரையில். நல்லக்கண்ணு அறைக்குள் நிற்க மாட்டேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டார். காற்று நேற்றைவிடப் பலமாக அடித்தது. குழாய் சுவரோடு சுவராகக் கிடந்தது, அசைவில்லை. ஆனாலும் அவர் அதன் பக்கத்தில் நின்றார், கிளிப்பைத் தொட்டார், நடந்தார், திரும்பி வந்து தொட்டார். கீழே போய்ப் பெட்டி விளக்கைப் பார்த்தார், மேலே வந்தார். நாற்பது நிமிடத்தில் அப்படி ஏழு தடவை ஏறி இறங்கினார். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாராவது பேசுகிறார்களா என்றே தெரியவில்லை. அந்த அளவுக்குத் தாழ்ந்த குரல். கதவில் காதை வைத்தும் ஒன்றும் கேட்காததால் இன்னும் கலவரமானார்.

ஐந்தே முக்காலுக்குத் தனராஜ் கதவைத் திறந்து வெளியே வந்தார். "எடுத்துக்கிட்டாங்க அண்ணாச்சி. திங்கக்கெழமையே ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. ஒரு தடவகூட நிக்கல." வே மறுபடி அண்ணாச்சியாகியிருந்தது.

நல்லக்கண்ணு தலையை ஆட்டினார். பழைய வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சாமான்களைப் பைக்குள் திணித்தார். ஏதாவது ஒன்று என்றால் போன் போடுங்கள், வருகிறேன் என்றார். அவர் வழக்கமாகச் சொல்வது அதுதான்.

டீச்சர் ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி கதவருகே வந்து நின்றார். திங்கட்கிழமை மாலை ஐந்து மணி வகுப்பு திறந்த வகுப்பாம், பெற்றோர் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாமாம். வகுப்பில் சேர்கிற லிங்கை நல்லக்கண்ணுவின் போனுக்கு அனுப்புவதாகச் சொன்னார். நல்லக்கண்ணு உடனே, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

டீச்சர் தலையசைத்து மறுத்தார். அவர் கடைசியாகச் சொன்னது இதுதான். பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"சத்தத்தப் பாக்க வேண்டாம் அண்ணாச்சி. வயரையும் பாக்காதீங்க. அஞ்சு மணிக்கு சட்ட மாத்திக்கிட்டுக் கடையிலயே ஒரு சேரப் போட்டு உக்காந்து, முடியுற வரைக்கும் கணக்கக் கேளுங்க."